ஐந்து லட்சத்துக்கு நகையா, தங்கக் காசா, ஈடிஎஃப்பா? அல்சூரில் போட்ட ஒரு கணக்கு

என் தங்கைக்குச் சீட்டு முடிந்து ஐந்து லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. பெங்களூரு அல்சூரில் இருக்கிறாள். மகளுக்குப் பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது கேட்டாள்: "அண்ணா, இந்தப் பணத்தைத் தொடாமல் இவள் கல்யாணத்துக்கு வைத்துவிட வேண்டும். நான் நகையாக வாங்கிவிடலாம் என்கிறேன். இவர் ஈடிஎஃப் என்கிறார். பூட்டி வைக்கிற செலவு இல்லை, செய்கூலி இல்லை என்கிறார். நீ கணக்குப் போட்டுச் சொல்."

மாப்பிள்ளை சொன்ன ஈடிஎஃப் என்பது தங்கத்தை வாங்கிப் பெட்டகத்தில் வைத்து, அதன் பங்கைப் பங்குச் சந்தையில் யூனிட்டாக விற்கும் நிதி. அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து பேசினோம். இந்தக் கேள்வி பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் அந்தக் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் செய்தோம். ரூபாயை ஒதுக்கிவிட்டுக் கிராமில் கணக்குப் போட்டோம். தங்கத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் நகைக்கும் காசுக்கும் ஈடிஎஃப்புக்கும் அது ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது செலவு மட்டும். ஆகவே கேட்க வேண்டியது இது: இன்றைய ஐந்து லட்சம் பத்து ஆண்டு கழித்து எத்தனை கிராம் சுத்தத் தங்கமாக நம் கையில் நிற்கும்? எளிமைக்காக 24 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். கடை விலை எதுவாக இருந்தாலும் விகிதம் மாறாது. செலவே இல்லாத உலகில் ஐந்து லட்சத்துக்கு 50 கிராம். அந்த ஐம்பதிலிருந்து ஒவ்வொரு வழியும் எவ்வளவு கடித்துக்கொள்கிறது என்பதே ஒப்பீடு.

நகையிலிருந்து தொடங்கினோம். 22 காரட் என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். ஆகவே கிராம் 9,160 ரூபாய். அதன் மேல் செய்கூலியும் சேதாரமும். சில கடைகள் இரண்டையும் தனித்தனியாகப் போடுகின்றன, சில ஒரே விகிதமாகச் சேர்த்துச் சொல்கின்றன. "எங்களிடம் செய்கூலி இல்லை" என்று எழுதி ஒட்டியிருந்தால் சேதாரத்தைக் கேளுங்கள், அங்கே ஒளிந்திருக்கும். சாதாரண வேலைப்பாடுள்ள நகைக்கு இரண்டும் சேர்ந்து 12 சதவீதம் என்று கொண்டோம். கோயில் நகை, கல் நகை என்றால் இதைவிட வெகுவாகக் கூடும். மொத்தத்தின் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக ஒரு கிராம் 22 காரட் நகை 10,567 ரூபாய் ஆகிறது. ஐந்து லட்சத்துக்கு 47.3 கிராம் நகை. அதில் சுத்தத் தங்கம் 43.3 கிராம்தான். கடைப் படியிறங்கும்போதே ஐம்பதில் கிட்டத்தட்ட ஏழு கிராம் போய்விட்டது. திரும்ப விற்கும்போது செய்கூலிக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. வாங்குகிற கடை உருக்கு நட்டம் என்று 2 சதவீதம் கழித்தால் 42.5 கிராமுக்கான பணம் வரும்.

இங்கே தங்கை உள்ளே போய் ஒரு பழைய வளையலை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது, சிவப்புக் கல் பதித்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதை மாற்றப் போனபோதுதான் தெரிந்தது, வாங்கிய பில்லில் கல் எடை கழிக்கப்படவே இல்லை. மொத்த எடைக்கும் தங்க விலை போட்டிருந்தார்கள். இரண்டரை கிராம் கண்ணாடிக் கல்லுக்குத் தங்க விலை கொடுத்திருக்கிறாள். மாற்றும் கடையில் கல்லைக் கழற்றி எடை போட்டார்கள். குறைந்ததைப் பார்த்துவிட்டு மாற்றாமலேயே திரும்பி வந்துவிட்டாள். எந்தச் சதவீதக் கணக்கிலும் வராத செலவு இது. பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. தரத்துக்கு மட்டும் இப்போது நல்ல வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி முத்திரையுடன்தான் ஹால்மார்க் நகையை விற்க வேண்டும். அந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் நகையின் வகையும் தரமும் வந்துவிடும். செயலி "மோதிரம்" என்று காட்டி நம் கையில் சங்கிலி இருந்தால் முத்திரையில் கோளாறு இருக்கிறது.

அடுத்து தங்கக் காசு. 24 காரட், வேலைப்பாடு இல்லை. அச்சுக்கூலியும் கடை லாபமும் சேர்த்து 3 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் என்று வைத்தால் ஐந்து லட்சத்துக்கு 47.1 கிராம் வருகிறது. விற்கும்போது 2 சதவீதம் கழிந்தால் 46.2. நகையைவிடக் கிட்டத்தட்ட நான்கு கிராம் மிச்சம். ஆனால் எங்கே வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். வங்கியில் வாங்கும் காசுக்கு விலை பொதுவாகக் கூடுதல். அதை வங்கி திரும்ப வாங்கிக்கொள்ளாது, வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதியும் கிடையாது. விற்கும் நாளில் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். ஒரு கிராம், இரண்டு கிராம் காசுகளுக்குக் கூலி விகிதம் அதிகம். பத்து கிராமாக வாங்கினால் குறையும்.

இனி ஈடிஎஃப். வாங்கும்போது ஜிஎஸ்டி 3 சதவீதம் இல்லை, கூலி இல்லை. தரகு, பங்குச் சந்தைக் கட்டணம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்த்து கால் சதவீதம் என்று கொண்டோம். ஐந்து லட்சத்துக்கு 49.9 கிராம் தங்கத்துக்கு உரிமை கிடைக்கிறது. மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம்.

ஆனால் நகை வாசலில் ஒரே கடியாகக் கடித்ததை ஈடிஎஃப் சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொள்கிறது. அந்த நிதியிடம் இருப்பது பெட்டகத்தில் தூங்கும் தங்கம். வட்டி வராது, வாடகை வராது. பெட்டகக் காவல், காப்பீடு, நிர்வாகம் என்று ஆண்டுச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் அந்தத் தங்கத்திலேயே கொஞ்சம் விற்கிறார்கள். நம் யூனிட்டின் எண்ணிக்கை குறைவதில்லை. ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் இருக்கும் தங்கம் ஆண்டுதோறும் தேய்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. இந்தியாவின் முதல் தங்க ஈடிஎஃப் 2007 மார்ச்சில் பட்டியலானது. திரையில் அதன் பெயர் GOLDBEES. தொடக்கத்தில் ஒரு யூனிட் ஏறக்குறைய ஒரு கிராம். பின்னர் ஒன்றை நூறாகப் பிரித்தார்கள். அப்படியானால் இன்றைய யூனிட் விலையை நூறால் பெருக்கினால் ஒரு கிராம் சுத்தத் தங்கத்தின் விலை வர வேண்டும் அல்லவா? மாப்பிள்ளையின் கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தோம். ஜிஎஸ்டி சேர்க்காத கிராம் விலையைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவு. தொடக்கம் முதல் இன்றுவரை எடுத்த ஆண்டுச் செலவின் மொத்தம்தான் அந்த இடைவெளி. "கடையைவிட இங்கே தங்கம் மலிவு" என்று சிலர் இதைக் காட்டிச் சொல்வது தவறு. குறைந்த விலைக்குக் குறைந்த தங்கம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்டுச் செலவு விகிதம் நிதிக்கு நிதி வேறுபடும். 0.6 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் பத்து ஆண்டில் 49.9 கிராம் 47 ஆகத் தேய்ந்து, விற்கும் செலவு போக 46.85 நிற்கிறது. 0.8 சதவீதம் என்றால் 45.9. மேலே காசுக்கு வந்த 46.2 இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். பத்து ஆண்டுக்குக் காசும் ஈடிஎஃப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னும் நீட்டினால் காசு முந்தும்: 0.6 சதவீத நிதியைக் காசு எட்டிப் பிடிக்கச் சுமார் 12 ஆண்டு, 0.8 என்றால் 9 ஆண்டு. அந்த 0.6 சதவீத நிதியை 12 சதவீதக் கூலி கொடுத்த நகை எட்டிப் பிடிக்க 26 ஆண்டு ஆகும். ஐந்து ஆண்டுக்குள் விற்கப்போகிறவர் நகை வாங்குவது நேர் நட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியாது.

இவ்வளவும் காசைப் பூட்டி வைக்கச் செலவே இல்லை என்ற கணக்கு. லாக்கர் எடுத்தால்? ஆண்டு வாடகை 2,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,360 என்று வையுங்கள். ஐந்து லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 0.47 சதவீதம், ஈடிஎஃப்பின் சொட்டுக்குக் கிட்டத்தட்ட சமம். இந்தக் காசுக்காகவே புதிதாக லாக்கர் எடுத்தால் காசு தோற்றுவிடும். ஆனால் லாக்கர் வாடகை உள்ளே இருப்பதன் மதிப்பைப் பார்த்து ஏறுவதில்லை. நிதியின் செலவு ஏறும். இருபது லட்சத்துக்கு 0.6 சதவீதம் என்பது ஆண்டுக்கு 12,000 ரூபாய், லாக்கர் அதே 2,360. என் தங்கையைப் போலக் கல்யாண நகைக்காக ஏற்கெனவே லாக்கர் வைத்திருப்பவருக்கு ஐந்து காசுகள் கூடுதலாக வைக்க ஒரு பைசாவும் ஆகாது.

லாக்கர் பற்றிப் பலர் அறியாத ஒன்றை அவளுக்கு அழுத்திச் சொன்னேன். உள்ளே இருப்பதை வங்கி காப்பீடு செய்வதில்லை. தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். 2022 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது. 2,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு லட்சம். அவள் லாக்கரில் இருப்பதன் மதிப்பு அதைப் போலப் பல மடங்கு. எல்லாத் தங்கத்தையும் ஒரே பெட்டியில் சேர்ப்பதை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம். ஈடிஎஃப் பக்கம் வைக்கும் செலவு சிறியது: யூனிட்டுகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு அடிப்படைச் சேவைக் கணக்காக இருந்தால், இருப்பின் மதிப்பு நான்கு லட்சம் வரை பராமரிப்புக் கட்டணம் இல்லை, நான்கிலிருந்து பத்து லட்சம் வரை ஆண்டுக்கு நூறு ரூபாய். அந்தச் சலுகை ஒருவருக்கு ஒரே டீமேட் கணக்கு இருந்தால்தான்.

இதுவரை வந்த கணக்கைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை, "அப்படியானால் ஈடிஎஃப்தானே, மச்சான்?" என்றார். விற்றுப் பணமாக்குவதற்கு என்றால் ஆமாம். ஆனால் இந்தப் பணம் பத்து ஆண்டு கழித்துப் பணமாகப் போவதில்லை, பெண்ணின் கழுத்துக்குப் போகப்போகிறது. அங்கேதான் கணக்கு புரள்கிறது.

ஈடிஎஃப்பை விற்று அன்று நகை வாங்கினால் செய்கூலியும் ஜிஎஸ்டியும் அன்று வந்து நிற்கும். தள்ளிப் போட்டோம், தப்பிக்கவில்லை. அதோடு விற்ற லாபத்துக்கு வரி. ஈடிஎஃப்பை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றாலும், தங்கத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்து விற்றாலும் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், செஸ் சேர்ந்தால் 13. பங்குகளுக்கு உள்ள ஒன்றே கால் லட்ச விலக்கு இதற்குக் கிடையாது. பத்து ஆண்டில் தங்கம் இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டோம். 46.85 கிராம் 9.37 லட்சம் ரூபாய். லாபம் 4.37 லட்சம், வரி சுமார் 57,000. மிச்சம் 8.8 லட்சத்துக்கு அன்றைய விலையில், அதே 12 சதவீதக் கூலியும் 3 சதவீத ஜிஎஸ்டியும் கொடுத்து வாங்கினால் 41.6 கிராம் நகை. இன்றே வாங்கி வைத்திருந்தால் 47.3 கிராம் நகை லாக்கரில் இருந்திருக்கும். விற்கவில்லை, ஆகவே வரியும் இல்லை. வேறுபாடு 5.7 கிராம், முக்கால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. விலை ஏறாமல் அப்படியே நின்று வரியே இல்லாமல் போனாலும் ஈடிஎஃப் வழியில் 44.3 கிராம்தான்.

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: இன்று வாங்கும் அதே நகையை மகள் அன்று போட்டுக்கொள்ள வேண்டும். "இது பழைய மாடல், மாற்றித் தாருங்கள்" என்று அவள் சொன்னால், பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவதும் வரிச் சட்டத்தில் விற்பனைதான். உருக்கு நட்டம், வரி, இரண்டாம் முறை கூலி, புதிய நகையின் முழு மதிப்புக்கும் ஜிஎஸ்டி எல்லாம் போக 38 கிராம் நகைதான் மிஞ்சும். 47, 41.6, 38. மூன்று எண்ணுக்கும் நடுவில் நிற்பது பதினான்கு வயதுப் பெண்ணின் இருபத்து நான்கு வயது ரசனை. அதை எந்தக் கணக்கும் சொல்லாது. ஆனால் நகை வகையைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். வளையல் இப்போது வாங்கவே கூடாது, கை அளவு மாறும். நெக்லஸ், ஆரம் மாடல் மாறும். வேலைப்பாடில்லாத முறுக்குச் சங்கிலி மாறாது. அம்மாவின் சங்கிலியை என் தங்கை இன்றும் போட்டிருக்கிறாள். அப்படிப்பட்ட சங்கிலிக்குக் கூலியும் குறைவு.

காசுக்கு இதில் ஒரு தனி வழி இருக்கிறது. காசை விற்காமல் ஆசாரியிடம் கொடுத்து நகையாகச் செய்துகொண்டால் அது விற்பனை ஆகாது. ஆதாய வரி இல்லை. தங்கத்தின் மேல் இரண்டாம் முறை 3 சதவீதமும் இல்லை. கூலிக்கும் அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டிக்கும் மட்டும் பணம் தர வேண்டும். மாடலும் அன்றைய விருப்பப்படி அமையும். பெங்களூரு நகரத்பேட்டையில் இன்றும் பட்டறை வைத்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொடுத்த தங்கம் முழுவதும் நகையில் வந்ததா, 916 மாற்று இருக்கிறதா என்று ஹால்மார்க் மையத்தில் சோதித்துப் பார்க்கிற பொறுப்பு நம்முடையது. தெரிந்த ஆசாரி இல்லாதவருக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா என்பதையும் பேசினோம். நகையை வங்கியில் வைத்து அரை மணி நேரத்தில் பணம் வாங்கிய அனுபவம் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. வங்கிகள் விற்ற காசுக்கும் ஒருவருக்கு ஐம்பது கிராம் வரை கடன் கிடைக்கும். தங்கக் கட்டிக்கோ, ஈடிஎஃப் யூனிட்டுக்கோ வங்கியும் நிதி நிறுவனமும் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஈடிஎஃப் வைத்திருப்பவர் விற்கத்தான் வேண்டும். பணம் அடுத்த வேலை நாளில் வந்துவிடும், ஆனால் தங்கம் கையைவிட்டுப் போயிருக்கும். வாங்கி ஓராண்டுக்குள் விற்றால் லாபம் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்துக்குப் போகும்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. ஐந்து லட்சத்தில் இரண்டு பவுனுக்கு, அதாவது 16 கிராமுக்கு, கல் இல்லாத முறுக்குச் சங்கிலி. எட்டு சதவீதக் கூலிக்குக் கிடைத்தால் சுமார் 1.63 லட்சம். மீதி 3.37 லட்சம் ஈடிஎஃப்பில். நான்கு லட்சத்துக்குள் இருப்பதால் இப்போதைக்கு டீமேட் கட்டணமும் இல்லை. கல்யாணச் செலவு நகை மட்டும் அல்ல, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணமாக வேண்டும். அந்தப் பங்கை நகையாக்கி விற்றால் வீண். நிதியைத் தேர்ந்தெடுக்கும்போது செலவு விகிதத்தோடு தினசரி வர்த்தக அளவையும் பார்க்கச் சொன்னேன். 0.3 சதவீதம் என்று விளம்பரப்படுத்தும் நிதியில் வாங்குபவரும் விற்பவரும் இல்லாவிட்டால், விற்கும் ஒரு நாளில் ஒரு சதவீதம் போய்விடும். ஆர்டர் போடும் முன் நிதியின் இணையதளத்தில் ஐ-என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் தங்கத்தின் அந்த நேரத்து மதிப்பைப் பார்த்து, அதை ஒட்டிய விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போட வேண்டும். அட்சய திருதியை, தந்தேரஸ் நாட்களில் யூனிட் விலை உள்ளிருக்கும் தங்கத்தின் மதிப்பைவிட மேலே போகலாம்; அன்று வாங்க வேண்டாம்.

சங்கிலி வாங்க நானும் கூடப் போனேன். விற்பனையாளர் "மொத்தம் இவ்வளவு" என்று ஒரே எண்ணாகச் சொன்னார். தங்கை விடவில்லை. எடை, கிராம் விலை, கூலி, ஹால்மார்க் கட்டணம், ஜிஎஸ்டி என்று ஐந்தையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொன்னாள். எழுதும்போது கூலி ஒன்பதிலிருந்து எட்டரைக்கு வந்தது. மகள் கொக்கியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஹெச்யுஐடி எண்ணை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, தங்கை செயலியில் தட்டினாள். திரையில் சங்கிலி, 916 என்று வந்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தாள்.